ஆண்ட்ரியா சாரா, ஆண்ட்ரியா மேடமா?

கேள்வி: வணக்கம். எங்க அமைப்பு நடத்துற சர்வதேச கருத்தரங்குக்கு 64 பேர் பேச வர்றாங்க. எல்லாருக்கும் அழைப்புக் கடிதமும், தமிழ்ல அறிமுகக் குறிப்பும் எழுதுறது என் வேலை. பேரைப் பார்த்தாலே ஆணா பெண்ணான்னு தெரிஞ்சிடும்னு நினைச்சேன், 50 பேருக்கு மேல தெரிஞ்சும் போச்சு. மீதி இடிக்குது. ஆண்ட்ரியான்னு ரெண்டு பேர், ரெண்டு பேரும் இத்தாலி. அப்புறம் ஒரு நிகிதா, ஒரு ஜீன், ஒரு ஹர்மன்பிரீத், ஒரு யூகி, ஒரு கெஹிண்டே. நெட்ல தேடினா ஒரு சைட் ஆண்ங்குது, இன்னொண்ணு பெண்ங்குது. இதைக் கண்டுபிடிக்க முறைன்னு ஏதாவது இருக்கா?

பதில்:

முறை இருக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, நீங்க தமிழ்ல டைப் பண்ணி வச்சிருக்கிற அந்த லிஸ்ட்ட ஓரமா வச்சிட்டு, அவங்க பதிவுப் படிவத்துல அவங்களே எழுதின எழுத்துல முழுப் பேரையும் எடுங்க. முழுப் பேர்னா குடும்பப் பேர், நடுப் பேர், பேருக்கு நடுவுல இருக்கிற கோடு, எழுத்து மேல இருக்கிற புள்ளி வரைக்கும். நமக்கு வேண்டிய துப்புல பாதி அந்த மாதிரி சின்னச் சின்ன விஷயத்துலதான் ஒளிஞ்சிருக்கும், எழுத்து மாத்தும்போது முதல்ல காணாம போறதும் அதுதான்.

நான் மொழிபெயர்ப்பு, எடிட்டிங் ரெண்டும் பார்க்கிறவன், இந்த மாதிரி பேர் லிஸ்ட் வருஷக்கணக்கா கையில வந்துட்டே இருக்கு. அனுபவத்துல சொல்றேன், "இந்தப் பேர் ஆணா பெண்ணா"ங்கிற கேள்வியே அரைக் கேள்விதான். எந்த மொழி பேசுற வீட்டுல வச்ச பேர், எந்தக் காலத்துல வச்ச பேர்னு ரெண்டையும் சேர்த்துக் கேட்டாத்தான் பதில் கிடைக்கும். நீங்க பார்த்த ரெண்டு சைட்டும் பொய் சொல்லல, ஆளுக்கொரு நாட்டுக் கணக்கைச் சொல்லியிருக்கும், அவ்ளோதான்.

உங்க ரெண்டு ஆண்ட்ரியாவையே எடுத்துப்போம், ஏன்னா மொத்தப் பிரச்சினையும் அந்த ஒரு பேர்லயே அடங்கியிருக்கு. இந்தப் பேரோட வேர் கிரேக்கத்துல "ஆண்"னு அர்த்தம் வர்ற சொல்லு. இத்தாலியில காலங்காலமா இது ஆம்பளைப் பேர், பாடகர் ஆண்ட்ரியா போச்செல்லி, கால்பந்து வீரர் ஆண்ட்ரியா பிர்லோ ரெண்டு பேரும் ஆண்கள்தான். ஜெர்மன்ல ஆண்ட்ரியாஸ்னா ஆண், ஆண்ட்ரியான்னா பெண். இங்கிலீஷ், ஸ்பானிஷ், ஹங்கேரியன் இதுலயெல்லாமும் பெண். சரி, ரெண்டு பேரும் இத்தாலிதானே, ரெண்டு பேருக்கும் மிஸ்டர் போட்டுடலாமேன்னு தோணும். அங்கதான் மாட்டிப்பீங்க.

நீங்க அனுப்பின விவரத்துல ஒருத்தர் மிலான், இன்னொருத்தர் போல்சானோ. மிலான்காரரோட குடும்பப் பேர் இத்தாலியப் பேர், "இ"ல முடியுது. போல்சானோக்காரரோட குடும்பப் பேர் "-ஹோஃபர்"னு முடியுது, அது ஜெர்மன் பேர். போல்சானோ இருக்கிற தெற்கு டிரோல் பகுதி முதல் உலகப் போருக்கு முன்னாடி வரைக்கும் ஆஸ்திரியாவோட இருந்தது, 1919 ஒப்பந்தத்துல இத்தாலிக்குப் போச்சு, ஆனா இன்னைக்கும் அந்த மாகாணத்துல பெரும்பாலானவங்க வீட்டுல பேசுறது ஜெர்மன். அவங்க பிள்ளைக்கு ஆண்ட்ரியான்னு வச்சா ஜெர்மன் வழக்கப்படி அது பொண்ணு. ஆக ஈமெயில் முகவரி ரெண்டும் `.it`னு முடிஞ்சாலும், பாஸ்போர்ட் ரெண்டும் ஒரே நாடா இருந்தாலும், ஒருத்தர் ஆணா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், இன்னொருத்தர் பெண்ணா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதே மாதிரி தலைகீழாவும் வரும், சுவிட்சர்லாந்துன்னு பார்த்ததும் ஜெர்மன்னு நினைச்சுப்போம், ஆனா அங்க இத்தாலியன் பேசுற பகுதியில ஆண்ட்ரியா ஆண்தான். நாடு வேற, மொழி வேற. நாட்டை மட்டும் பார்த்து முடிவு பண்றவங்க இந்த மாதிரி எல்லையோர ஊர்கள்லதான் வழுக்கி விழுவாங்க.

இப்போ காலத்தைப் பாருங்க. இத்தாலியில பெண் குழந்தைக்கு ஆண்ட்ரியான்னு வைக்கலாமான்னு ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி, 2012ல "வைக்கலாம்"னு தீர்ப்பு வந்துச்சு. அதனால மிலான்ல ஒரு பள்ளிக்கூட லிஸ்ட்ல ஆண்ட்ரியா வந்தா நான் இப்போ யோசிப்பேன். உங்க பேச்சாளர் அப்படியில்ல, 1994ல முனைவர் பட்டம் வாங்கினதா குறிப்புல இருக்கு, அப்போ பிறந்தது 1960களோட நடுவுலயோ கடைசியிலயோ இருக்கும். அந்தத் தலைமுறையில மிலான்ல பிறந்த ஆண்ட்ரியா பெண்ணா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. யாரோட பிறந்த வருஷமும் தெரியலன்னா பட்டம் வாங்கின வருஷத்திலேருந்து இப்படிக் கழிச்சுப் பார்த்துக்கலாம், அஞ்சாறு வருஷம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல, நமக்கு வேண்டியது தலைமுறைதான்.

இதுவரைக்கும் சொன்னது ஊகம், நல்ல ஊகம், ஆனா ஊகம்தான். உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கு, இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. அவங்க வேலை பார்க்கிற இடத்தோட பக்கத்துக்குப் போயி, இங்கிலீஷ் பக்கத்தை விட்டுட்டு அவங்க சொந்த மொழிப் பக்கத்தைத் திறங்க. நம்ம மொழியில "பிறந்தான், பிறந்தாள்"னு வினை முடிவே காட்டிக் கொடுக்கிற மாதிரி அங்கயும் இலக்கணம் காட்டிக் கொடுத்துடும். இத்தாலியன்ல "பிறந்தவர்"ங்கிறதுக்கு ஆணுக்கு நாத்தோ, பெண்ணுக்கு நாத்தா. பட்டம் பெற்றவர்னா லவுரெயாத்தோ, லவுரெயாத்தா. ஜெர்மன்ல பேராசிரியர் ஆண்னா ப்ரொஃபெஸோர், பெண்னா ப்ரொஃபெஸோரின். ரஷ்யன்ல இறந்தகால வினையே ஆண் பெண்ணுக்கு மாறும், ரதீல்ஸான்னா பிறந்தான், ரதிலாஸ்னா பிறந்தாள். மொழி தெரியணும்னுகூட இல்ல, பிறந்த வருஷத்துக்குப் பக்கத்துல இருக்கிற சொல்லோட கடைசி எழுத்தைப் பார்த்தா போதும்.

இதுல ஒரு சின்ன எச்சரிக்கை. பதவிப் பேரை நம்பாதீங்க, வினையை நம்புங்க. இத்தாலியில சில பெண்கள் தங்களை ஆண்பால் பதவிப் பேராலயே குறிப்பிட்டுக்குவாங்க, இயக்குநர்ங்கிறதுக்கு திரெத்தோரேன்னு ஆண்பால்லயே போட்டுப்பாங்க. நாத்தோ நாத்தா விஷயத்துல அந்தக் குழப்பம் வராது. இன்னொரு பெரிய எச்சரிக்கை, துருக்கி, ஃபின்னிஷ், ஹங்கேரியன், பாரசீகம், வங்காளம், யொருபா இந்த மொழிகள்ல எல்லாம் அவன் அவள் வித்தியாசமே கிடையாது, ரெண்டுக்கும் ஒரே சொல்லு. அந்தப் பக்கத்தை கம்ப்யூட்டர் தானா இங்கிலீஷுக்கு மாத்தும்போது "ஹீ"ன்னோ "ஷீ"ன்னோ எதையாவது போட்டாகணும், அதுவா ஒண்ணைப் போட்டுடும். டெனிஸ்னு துருக்கியில ஒரு பேர், கடல்னு அர்த்தம், ஆண் பெண் ரெண்டு பேருக்கும் வைப்பாங்க. அப்படி ஒருத்தரோட குறிப்பு தானியங்கி இங்கிலீஷ்ல "ஹீ"ன்னு இருந்தா அதுக்கு மதிப்பு பூஜ்யம். மூலத்துல இல்லாத தகவல் மொழிபெயர்ப்புல எங்கேருந்து வரும்?

அடுத்து நிகிதா. "ஆ"ல முடிஞ்சா பெண்ங்கிற விதி நம்ம எல்லார் மண்டையிலயும் இருக்கு, ஐரோப்பிய மொழிகள் நிறையத்துல அது ஓரளவு வேலையும் செய்யும், ஆனா விதிவிலக்கு எல்லாம் அடிக்கடி வர்ற பேர்களா இருக்கிறதுதான் தொல்லை. இத்தாலியில லூக்கா, நிக்கோலா, மத்தியா, எலியா எல்லாம் ஆண்கள். ரஷ்யாவுல நிகிதா ஆண் (சோவியத் தலைவர் நிகிதா க்ருஷ்சேவ் ஞாபகம் இருக்குமே), இல்யாவும் ஆண். சாஷாங்கிறது செல்லப் பேர், அலெக்சாந்தர், அலெக்சாந்த்ரா ரெண்டு பேரையும் சாஷான்னுதான் கூப்பிடுவாங்க. அதே நிகிதா இந்தியாவுல பெண் பேர். அரபியில "ஆ" ஒலியில முடியுற ஹம்ஸா, உசாமா, தல்ஹா ஆண்கள், "ஆ"ல முடியாத மர்யம், ஸைனப், ஹிந்த் பெண்கள்.

உங்க நிகிதா விஷயத்துல முதல் பேரை விட்டுட்டு குடும்பப் பேரைப் பாருங்க, அது "-ஓவ்"னு முடியுது. ரஷ்யக் குடும்பப் பேர்ல ஆணுக்கு ஓவ், பெண்ணுக்கு ஓவா, ஆணுக்கு ஸ்கி, பெண்ணுக்கு ஸ்காயா. நடுவுல அப்பா பேர் இருந்தா இன்னும் நல்லது, ஓவிச்னா மகன், ஓவ்னான்னா மகள், அதுல சந்தேகத்துக்கே இடமில்ல. போலந்துல ஸ்கி, ஸ்கா. ஐஸ்லாந்துல சோன்னா மகன், தோத்திர்னா மகள். வியட்நாம்ல நடுப் பேரா தீன்னு இருந்தா பெண், வான்னு இருந்தா ஆண்.

ஆனா இந்தத் துப்புகள் ஒரு பக்கமாத்தான் நல்லா வேலை செய்யும், இதைப் புரிஞ்சுக்காம கணக்கு போட்டா தப்பாகும். குடும்பப் பேர் ஓவான்னு ரஷ்ய வழக்குல இருந்தா அநேகமா பெண்ணேதான். ஓவ்னு இருந்தா? ரஷ்யாவுல வாழுறவரா இருந்தா ஆண். வேற நாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பமா இருந்தா மகளும் அப்பாவோட ஓவையே அப்படியே வச்சிருப்பா, ஏன்னா அந்த நாட்டு ரிஜிஸ்தர்ல குடும்பப் பேர்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அதே மாதிரி வியட்நாம் பேர்ல தீ இருந்தா பெண், தீ இல்லைன்னா ஆண்னு அர்த்தமில்ல, இப்பல்லாம் நிறைய பேர் மகளுக்கு அதை வைக்கிறதே இல்ல. உக்ரைன் பக்கத்து "-என்கோ" மாதிரி முடிவு ஒண்ணுமே சொல்லாது, ரெண்டு பேருக்கும் அதேதான். உங்க நிகிதா மாஸ்கோவுல படிச்சு அங்கயே வேலை பார்க்கிறார், அதனால ஓவ் இங்க செல்லும், ஆண்னு எழுதிக்கலாம்.

ஹர்மன்பிரீத்துக்கும் இதே ஒரு பக்கக் கணக்குதான். சீக்கியர்கள்ல முதல் பேர் ரொம்பப் பொதுவானது, குர்பிரீத், மன்பிரீத், ஹர்மன்பிரீத்னு எதை எடுத்தாலும் ஆணும் இருப்பாங்க பெண்ணும் இருப்பாங்க. இந்திய ஆண்கள் ஹாக்கி அணியோட கேப்டனா இருந்தவர் ஹர்மன்பிரீத் சிங், பெண்கள் கிரிக்கெட் அணியோட கேப்டனா இருந்தவர் ஹர்மன்பிரீத் கவுர், முதல் பேர் ஒரு எழுத்துகூட மாறல. அங்க பாலைச் சொல்றது பின்னாடி வர்ற சொல்லுதான். கவுர் இருந்தா பெண்னு தைரியமா எடுத்துக்கலாம். சிங் இருந்தா கொஞ்சம் நிதானிங்க, சீக்கியர் இல்லாத எத்தனையோ குடும்பங்கள்ல பெண்களும் சிங்கைக் குடும்பப் பேரா வச்சிருக்காங்க. உங்க லிஸ்ட்ல ரெண்டுமே இல்ல, ஊர்ப் பேர்தான் குடும்பப் பேரா இருக்கு. அப்போ பேரை வச்சு சொல்ல முடியாது, அவ்ளோதான், இன்னும் பத்து சைட் பார்த்தாலும் சொல்ல முடியாது. சில பேர்கள் நிஜமாவே பொதுப் பேர்கள், அதுல மறைஞ்சிருக்கிற பதில்னு ஒண்ணும் கிடையாது.

கெஹிண்டேயும் அந்த வகைதான். நைஜீரியாவுல யொருபா மொழி பேசுறவங்க இரட்டைக் குழந்தையில முதல்ல வந்ததுக்கு தாய்வோ, ரெண்டாவதா வந்ததுக்கு கெஹிண்டேன்னு வைப்பாங்க, ஆணா பெண்ணான்னு பார்க்கிறதே இல்ல. அந்தப் பேர் சொல்ற தகவல் பிறந்த வரிசை. 2018ல ஒபாமாவோட ஓவியத்தை வரைஞ்ச கெஹிண்டே வைலி ஆண், அதனால உங்க கெஹிண்டேயும் ஆண்னு எடுத்துக்கக் கூடாது. பிரபலமான ஒருத்தரை வச்சு முடிவு பண்றது ரொம்பச் சகஜமான தப்பு. கிரண்ங்கிற பேரையே பாருங்க, கிரண் பேடி பெண், கிரிக்கெட் விக்கெட் கீப்பர் கிரண் மோரே ஆண், யாரை முதல்ல கேள்விப்பட்டோமோ அந்தப் பக்கம் மனசு சாஞ்சிடும். இந்தக் கிரண் ஜெர்மனியில கோர்ட்டு வரைக்கும் போன பேர் தெரியுமா? அங்க ஒரு பெண் குழந்தைக்குக் கிரண்னு வச்சாங்க, பாலைக் காட்டாத பேரா இருக்கு, கூடவே பெண் பேர் ஒண்ணு சேர்க்கணும்னு பதிவு அலுவலகத்துல சொல்லிட்டாங்க, 2008 டிசம்பர்ல அரசியல் சாசன நீதிமன்றம் அப்படிச் சேர்க்கத் தேவையில்லைன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுவரைக்கும் ஜெர்மனியில பேரைக் கேட்டா பால் தெரியணும்ங்கிறதை விதியாவே நினைச்சிருந்தாங்க. இந்த மாதிரி விதி இருந்த நாடுகள்ல வயசானவங்க பேர் தெளிவா இருக்கும், சின்னவங்க பேர்லதான் குழப்பம் வரும்.

யூகி கொஞ்சம் வேற மாதிரி. இங்க பேர் தெளிவாத்தான் இருக்கு, எழுத்து மாத்தினதுல கலங்கிப் போச்சு. ஜப்பான்ல ஒரே ஒலிக்குப் பல சித்திர எழுத்து உண்டு, பனின்னு அர்த்தம் வர்ற எழுத்துல யுகின்னு எழுதினா பெரும்பாலும் பெண், வீரம்னு அர்த்தம் வர்ற எழுத்துல ஆரம்பிச்சா பெரும்பாலும் ஆண். அதோட குறில் நெடில் வித்தியாசமும் இருக்கு, யுகின்னு குறிலா வந்தா பெண்கள் அதிகம், யூகின்னு நெடிலா வந்தா ஆண்கள் அதிகம், ஆனா ரோமன் எழுத்துல பலரும் நீட்டலைக் காட்டாம ரெண்டையும் ஒரே மாதிரி எழுதிடுறாங்க. நீங்க தமிழ்ல நெடில் போட்டது அவர் சொல்லியா, இல்ல இங்கிலீஷைப் பார்த்து நீங்களா போட்டதா? நீங்களா போட்டதுன்னா அது ஆதாரம் ஆகாது. பதிவுப் படிவத்துல ஜப்பானிய எழுத்துல பேர் கேட்டிருந்தா அதைக் காப்பி பண்ணி அகராதியில போடுங்க, அங்கயே தெரிஞ்சிடும். ஜப்பான் பேர் "கோ"ன்னு முடிஞ்சா பெண்ங்கிற விதியும் முக்காவாசி சரிதான், ஆனா "ஹிகோ"ன்னு முடிஞ்சா ஆண், ஜப்பான் மத்திய வங்கிக்குத் தலைவரா இருந்த ஹருஹிகோ குரோடா மாதிரி. சீனப் பேர்லயும் இதே கதை, வெய்னு ரோமன்ல பார்த்தா ஒண்ணும் தெரியாது, அந்த ஒலியில ஆண்களுக்கு வைக்கிற எழுத்தும் இருக்கு, பெண்களுக்கு வைக்கிற எழுத்தும் இருக்கு.

ஜீன் சுலபம். இங்கிலீஷ்ல பெண், பிரெஞ்சுல அதே எழுத்துக்கூட்டு ழான்னு படிக்கணும், அது ஆண். உங்க ஆள் பிரான்ஸ்ல இருக்கிற லியோன்லேருந்து வர்றார், ழான்-மரீன்னு நடுவுல கோடு போட்டு எழுதியிருக்கார். மரீயைப் பார்த்து மறுபடி குழம்பாதீங்க, கூட்டுப் பேர்ல முன்னாடி வர்றதுதான் பாலைத் தீர்மானிக்கும். ஸ்பானிஷ்லயும் அப்படித்தான், ஹோசே மரீயான்னா ஆண் (அங்க பிரதமரா இருந்த ஹோசே மரீயா அஸ்னார்), மரீயா ஹோசேன்னா பெண். நீங்க தமிழ்ல ஜீன்னு சுருக்கினப்போ காணாமப் போனது அந்த மரீதான், நான் ஆரம்பத்துலயே முழுப் பேரை எடுங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

இப்போ நீங்க பார்த்த சைட்டுகளைப் பத்தி. அதுல பெரும்பாலும் "இத்தனை சதவீதம் பெண்"னு ஒரு எண் வரும். அந்த எண் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாம அதை நம்பக் கூடாது. நல்ல மூலங்கள் இருக்கு, அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880லேருந்து ஒவ்வொரு வருஷமும் பிறந்தவங்களோட பேரை ஆண் பெண் வாரியா எண்ணி ஃபைலா தருது, `yob1960.txt`ன்னு வருஷத்துக்கு ஒரு ஃபைல், ஒரு வரியில பேர், F அல்லது M, எத்தனை பேர்னு மூணே தகவல். ஒரு வருஷத்துல அஞ்சு பேருக்குக் குறைவா வச்ச பேர் அதுல வராது. பிரான்சோட புள்ளிவிவர நிறுவனமும் 1900லேருந்து இதே மாதிரி தருது. வருஷ வாரியா பார்க்க முடியுறதுதான் இதோட பலம். லெஸ்லின்னு ஒரு பேர், 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல அமெரிக்காவுல ஆண் பேர், நூற்றாண்டு முடியுறதுக்குள்ள பெண் பேரா மாறிடுச்சு. எல்லா வருஷத்தையும் கூட்டி ஒரே சதவீதமா சொன்னா 80 வயசு லெஸ்லிக்கும் தப்பு, 25 வயசு லெஸ்லிக்கும் தப்பு. இங்கிலீஷ் பேர்கள் நகர்றது பெரும்பாலும் ஆண்லேருந்து பெண் பக்கம்தான், ஆஷ்லி, எவலின் எல்லாம் அப்படிப் போனதுதான். எவலின் வா ஒரு இங்கிலீஷ் எழுத்தாளர், ஆண், 1928ல அவர் கட்டிக்கிட்ட பொண்ணு பேரும் எவலின், நண்பர்கள் ஆண் எவலின், பெண் எவலின்னு பிரிச்சுக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

அமெரிக்கக் கணக்கோட பலவீனம், அங்க எல்லா மொழிக்காரங்களும் ஒரே கூடையில விழுறாங்க. ஆண்ட்ரியாவைத் தேடினா கிட்டத்தட்ட எல்லாரும் பெண்னு வரும், ஏன்னா அங்க இருக்கிற ஆண்ட்ரியாக்கள் பெரும்பாலும் இங்கிலீஷ், ஸ்பானிஷ் வழியா வந்தவங்க. உங்க மிலான்காரருக்கு அந்த எண்ணால ஒரு பிரயோஜனமும் இல்ல. நானும் ஒரு தடவை இதுல அடி வாங்கியிருக்கேன். காரின்னு ஒருத்தர், சைட்ல போட்டேன், பெண்னு உறுதியா சொல்லுச்சு, திருமதின்னு அச்சாகியே போயிடுச்சு. நார்வேயில காரி பெண் பேர்தான், அது சரி. வந்தவர் ஃபின்லாந்துக்காரர், அங்க காரி அக்மார்க் ஆம்பளைப் பேர். மேடையில ஆறடி உசரத்துல ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே "நான்தான் அந்த அம்மா"ன்னாரு. ரெண்டு நாடும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ஆனா மொழிக் குடும்பமே வேற. நாட்டைத் தேர்ந்தெடுக்க விடாத சைட்டை நான் அன்னையோட விட்டுட்டேன்.

நாடு, தலைமுறை ரெண்டும் பொருந்தி வந்து 95 சதவீதம்னே வந்தாலும், அந்த மாதிரி 20 பேருக்கு எழுதினா சராசரியா ஒருத்தருக்குத் தப்பா எழுதுவீங்கன்னுதான் அர்த்தம். உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொன்ன அந்த 50 சொச்சம் பேரை மறுபடி ஒரு பார்வை பாருங்கன்னு சொல்றதும் அதனாலதான், சந்தேகம் வந்த பேரைத் தேடிப் பார்த்துடுவோம், சந்தேகமே வராத ஜானோ சிமோனேயோ நேரா அச்சுக்குப் போயிடும். நெதர்லாந்துல யான் ஆண் பேர், அதே எழுத்துக்கூட்டை இங்கிலீஷ்காரங்க ஜான்னு படிப்பாங்க, பெண் மாதிரி தெரியும், இத்தாலியில சிமோனே ஆண், பிரான்ஸ்ல அதே எழுத்துல சிமோன் பெண், ஸ்பெயின்ல பார்சிலோனா பக்கம் பேசுற கத்தலான் மொழியில ஜோவான்ங்கிறது ஆண் பேர், ஓவியர் ஜோவான் மிரோ மாதிரி. இந்த நாலஞ்சு பேரைக் கண்டா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க.

போட்டோவைப் பார்த்துடலாமேன்னு கேப்பீங்க. பார்க்கலாம், ஆனா தேடல்ல வர்ற முதல் போட்டோ அதே பேர்ல இருக்கிற இன்னொருத்தரோடதா இருக்கிறது ரொம்பச் சாதாரணம், அதனால வேலை பார்க்கிற இடத்தோட பக்கத்துல இருந்தா மட்டும் எடுத்துக்குங்க. அதைவிட, அவங்க தன்னைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதிக்கொடுத்த குறிப்புல ஹீயா ஷீயா, எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்காங்கன்னு பாருங்க. அது அவங்க தங்களைப் பத்தித் தாங்களே சொன்னது, பேரை விடவும், போட்டோவை விடவும் அதுக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த ரெண்டையும் விட்டுட்டு தன்னை "தே"ன்னு எழுதியிருந்தா அதையும் அப்படியே மதிச்சுடுங்க, ஆண் பெண்னு ரெண்டுல ஒண்ணுக்குள்ள தள்ளாதீங்க.

கடைசியில ஹர்மன்பிரீத், கெஹிண்டே, அப்புறம் எழுத்து கிடைக்காட்டி யூகி, இந்த மூணு பேர்தான் நிப்பாங்க. அறிமுகக் குறிப்புக்குக் கவலையே வேண்டாம், தமிழ்ல "அவர்"னு எழுதினா போச்சு, "பேராசிரியர்", "ஆய்வாளர்"னு போட்டா திருவும் வேண்டாம் திருமதியும் வேண்டாம். கடிதத்துல முழுப் பேரையும் போட்டு "அன்புள்ள இன்னார் அவர்களுக்கு"ன்னு ஆரம்பிங்க. பெயர் அட்டையில எப்படியும் பட்டம் போட்டாகணும்னா கேட்டுடுங்க, கேக்கிறதுல தப்பில்ல. ஆனா இந்த மூணு பேருக்கு மட்டும் தனியா "நீங்க ஆணா பெண்ணா"ன்னு அனுப்பாதீங்க, 64 பேருக்கும் போற பொது மெயில்ல ஒரு வரி சேருங்க: "உங்கள் பெயரை அட்டையில் எப்படி அச்சிட வேண்டும், பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும், எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தெரிவிக்கவும்." உச்சரிப்பைச் சேர்த்துக் கேட்டா யூகியோட நெடிலும் அதுலயே தெரிஞ்சிடும், போல்சானோ ஆண்ட்ரியா பத்தி நான் சொன்னது சரியான்னும் தெரிஞ்சிடும். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்க.